கலைச்சொல் தேவை: பதிவுக்கு முன் வரைவை வாய்விட்டுப் படித்துச் சோதிப்பதற்கு

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். ஒலிநூலுக்கும் வலையொலிக்கும் எழுதுகிறவர்கள் வரைவை முடித்ததும் ஒரு வேலை செய்கிறார்கள். பதிவில் பேசப்போகும் அதே வேகத்தில் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போய், நாக்கு இடறும் இடத்தையும் மூச்சு போதாத இடத்தையும் பென்சிலால் குறிக்கிறார்கள். திருத்துவது பிறகுதான். எங்கள் குழுவின் கையேட்டில் இந்த வேலைக்கு ஒரு சொல் வேண்டும். 'ஒலிவாசிப்பு' என்று எழுதிப் பார்த்தேன்; படித்தவர்கள் அதை ஒலிநூல் என்றே புரிந்துகொண்டார்கள்.

அன்பழகன்:

'உரக்க வாசித்தல்' என்று பள்ளிகளில் ஏற்கெனவே வழங்குகிறதே. குழந்தைகளின் உச்சரிப்பு அதனால்தான் தேறுகிறது. புதுச்சொல் எதற்கு?

செல்வி:

ஐயா, இங்கே தேற வேண்டியது உச்சரிப்பு அல்ல, எழுத்து.

முத்துக்குமார்:

அப்படியானால் 'ஒத்திகை' போதும். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

இராசேந்திரன்:

ஒத்திகையில் ஆள் பழகுகிறார். எழுத்து அப்படியே நிற்கிறது. இந்தச் சோதனையில் நேர் எதிர். பழகிவிட்டால் சோதனையே கெட்டுவிடும். ஒரு கரடுமுரடான தொடரைத் திரும்பத் திரும்பப் படித்தால் நாக்கு அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் குறிக்க எதுவும் இருக்காது, ஆனால் தொடர் அதே கரடுமுரடோடு கிடக்கும். முதல் வாசிப்பில் விழும் குறிகள்தான் நம்பத்தக்கவை.

அச்சுக்கு முன் பிழை தேடுவதை 'மெய்ப்பு பார்த்தல்' என்கிறோம். வாயால் தேடுவதை 'வாய்மெய்ப்பு' என்னலாம் என்பது என் பரிந்துரை. இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

"நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் கண்டறிவதற்காகப் பயன்படுத்தப்படும் மின்கடத்துதிறன் அளவிகளின் முனைகளில் படிந்துவிடும் சுண்ணாம்புப் படிவத்தை அமிலம் கொண்டு நீக்குவது எல்லா அளவிகளுக்கும் பொருந்தாது."

கண்ணுக்கு இதில் குற்றமில்லை. வாய்க்கு வரும்போது, 'கண்டறிவதற்காக' என்பதற்குப் பிறகு ஒரு சிறு மூச்சு கிடைக்கிறது. அடுத்த நல்ல இடம் 'நீக்குவது' வரை வரவில்லை. நடுவில் உள்ளவை எல்லாம் அடுத்த சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. 'படிந்துவிடும்' என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதுபோல் கேட்கும். வாங்காமல் போனால் கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் தேய்ந்திருக்கும். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வருகின்றன என்பதை மறக்கக்கூடாது. 'பொருந்தாது' என்பதில் 'ஆது' அமுங்கினால் செய்யக்கூடாத வேலையைச் செய்யலாம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். மூச்சுக்குறை எங்கே நேர்ந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது வாக்கியத்தின் வால்தான்.

'படிந்துவிடும்… படிவத்தை' என்ற இடத்தில் நாக்கும் இடறுகிறது. அந்த இடத்தில் அடிக்கோடு, மூச்சு வாங்கிய இடத்தில் சாய்கோடு, குரல் தேய்ந்த சொல்லின்மேல் ஒரு வட்டம். நிறுத்தாமல் குறிக்க இந்த மூன்றும் போதும். நின்று திருத்தத் தொடங்கினால் அடுத்த வாக்கியத்தைப் புது மூச்சோடு தொடங்குவீர்கள்; பதிவில் அந்த வசதி இருக்காது.

திருத்திய வடிவம்: "நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்துதிறன் அளவி காட்டும். அதன் முனைகளில் சுண்ணாம்பு படியும். அதை அமிலத்தால் நீக்கலாம். ஆனால் சில அளவிகளில் கூடாது." மறுப்புக்கு இப்போது தனி மூச்சு கிடைத்துவிட்டது.

ஜமீலா:

மூச்சுச் சத்தத்தைப் பதிவுக்குப் பிறகு மென்பொருளில் வெட்டிவிடலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன். சில நிமிட வேலைக்கு இவ்வளவு சோதனை வேண்டுமா?

இராசேந்திரன்:

சத்தத்தை வெட்டலாம், அம்மா. மூச்சு தவறான இடத்தில் விழுந்ததால் வந்த இடைவெளியையும் குறுக்கலாம். ஆனால் அதற்கு முன் இறங்கிய குரலும் அதற்குப் பின் புதிதாக எழுந்த குரலும் ஒட்டாது. வெட்டிய இடம் காதுக்குத் தெரியும். தேய்ந்துபோன வினைச்சொல்லை மென்பொருளில் உரக்கவைத்தால் அறையின் இரைச்சலும் கூடவே எழும். சரியான இடத்தில் வாங்கிய மூச்சு மெல்லக் கேட்டால் குறையில்லை. முழுவதும் துடைத்தெடுத்த பேச்சுதான் செயற்கையாகத் தோன்றும்.

கமலா:

நான் வானொலி உரைகள் எழுதுகிறேன். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் ஒரு காற்புள்ளி போட்டுவிடுவேன். வேறு குறியே தேவைப்பட்டதில்லை.

இராசேந்திரன்:

உங்கள் குரலுக்கு மட்டும் எழுதும்வரை அது நடக்கும். அதே பிரதி அச்சுக்கோ வேறொருவர் கைக்கோ போனால் சிக்கல். காற்புள்ளி பொருளைப் பிரிப்பது. மூச்சு அதற்குக் கட்டுப்பட்டதல்ல. 'பழம், பூ, இலை' என்பதில் காற்புள்ளிகள் உண்டு, மூச்சு வேண்டியதில்லை. நீண்ட எழுவாய்க்குப் பிறகு மூச்சு வேண்டும், ஆனால் அங்கே காற்புள்ளி இடுவதை நல்ல பதிப்பாசிரியர் ஏற்கமாட்டார். வாசிப்புப் பிரதியில் மூச்சுக்குறியாகச் சாய்கோடு இருக்கட்டும்.

கமலா:

ஏற்கிறேன், பாதி. நேரலைக்குப் பத்து நிமிடத்துக்கு முன் கைக்கு வரும் உரையில் சாய்கோடும் வட்டமும் போட நேரம் ஏது? காற்புள்ளிதான் என் கண்ணுக்குப் பழக்கம். 'மூச்சுக்குறி' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது.

முத்துக்குமார்:

'வாய்மெய்ப்பு' வேகமாகப் படிக்கும்போது 'வாய்ப்பு' என்று கண்ணில் படுகிறது. இடறலைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இடறும் சொல்லா? புது வண்டியை வெள்ளோட்டம் விடுகிறோம். அந்த வழியில் 'குரலோட்டம்' எப்படி? 'வரைவைக் குரலோட்டம் பார்த்தேன்' என்று இயல்பாக வருகிறது.

இராசேந்திரன்:

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் குறி போடுவதும் திருத்துவதும் அந்தச் சொல்லில் இல்லை. ஓட்டிப் பார்த்தோம், முடிந்தது என்று நின்றுவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. பதிவு முடிந்தபின் ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு, விட்டுப்போன சொல்லையும் மாறிய சொல்லையும் குறிப்பார். அது 'செவிமெய்ப்பு'. முன்னது வாய்மெய்ப்பு, பின்னது செவிமெய்ப்பு என்று இரண்டும் இணையாக நிற்கும்.

ஜமீலா:

ஒரு சந்தேகம். எழுதுகிறவர் ஒருவர், பதிவில் பேசுகிறவர் வேறொருவர் என்றால் யார் படித்துப் பார்ப்பது?

இராசேந்திரன்:

பேசப்போகிறவர் படிக்க வேண்டும், முன்கூட்டிப் பாராமல். எழுதியவர் இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு குறிக்க வேண்டும். எழுதியவரே படித்தால், தாளில் இல்லாததையும் மனத்திலிருந்து சேர்த்துப் படித்துவிடுவார். அடுத்தவர் படிக்கும்போது எழுதியிருப்பது ஒன்று, வாயில் வந்தது வேறு என்று சில இடங்களில் நேரும். 'செலுத்தப்பட்டுக்கொண்டிருந்த' என்று எழுதியிருக்க, வாய் 'செலுத்திவந்த' என்று சொல்லும். அந்த இடங்களை விடாமல் குறியுங்கள். பல நேரம் வாய் சொன்னதே நல்ல தொடர். ஆனால் பொருள் மாறவில்லையா என்று பார்த்துத்தான் ஏற்க வேண்டும்; செய்தவர் யார் என்பது அந்த மாற்றத்தில் புரண்டுவிடக்கூடும்.

இடறல் பெரும்பாலும் எழுத்தின் குற்றம். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். பேசுகிறவர் மாறினால் மூச்சுக்குறிகளை அழித்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும், அடிக்கோடுகள் இருக்கட்டும்.

செல்வி:

கையேட்டின் வரைவில் 'வாய்மெய்ப்பு', 'மூச்சுக்குறி', 'இடறல்' மூன்றையும் சேர்த்துவிட்டேன். 'குரலோட்டம்' அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. எங்கள் குழுவில் பேசுகிறவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, எழுதுகிறவர்களுக்கு மற்றது. குரல் தேய்ந்த இடத்துக்கு இடும் வட்டத்துக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. 'தேய்குறி' என்று ஒருவர் சொன்னார். வேறு யோசனை உண்டா?