[கலைச்சொல்] 'வீடியோ அவுட்புட் வெர்ஷன்': நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். ஒரு கணினித் திரையின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். பழைய கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர், அதன் வீடியோ அவுட்புட் வெர்ஷன் இந்தத் திரையின் 165 ஹெர்ட்ஸுக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் செய்தி. 'காணொளி வெளியீட்டுப் பதிப்பு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஏதோ பதிப்பகம் குறுந்தகடு வெளியிட்டதுபோல் இருக்கிறது. ரிஃப்ரெஷ் ரேட்டுக்குப் 'புதுப்பிப்பு வீதம்' என்று போட்டாயிற்று, அதை யாரும் கிளற வேண்டாம்.

அரங்கசாமி:

கிளற வேண்டாம் என்று சொன்னால் எப்படியம்மா விடுவது? மென்பொருள் அப்டேட்டுக்கும் புதுப்பிப்பு, திரை நொடிக்கு 165 முறை வரைவதற்கும் புதுப்பிப்பா? 'புதுக்குவீதம்' என்று வையுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் பொருந்தும், சுருக்கமும்கூட.

இனி 'அவுட்புட்'. வெளியீடு நூலுக்கு ஆகும், அட்டைக்கு ஆகாது. 'புறந்தருவாயில்' எப்படி? போர்ட் என்பதைத் 'துறை' என்று எழுதுகிறவர்கள் லத்தீனில் துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட்டுஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கணினியில் இருப்பது கதவைக் குறிக்கும் போர்ட்டா. ஆகவே வாயில்தான் சரி.

செல்வி:

ஐயா, புறந்தருதல் என்றால் பிள்ளையை வளர்த்துக் காப்பதல்லவா? அட்டை திரையைப் பெற்று வளர்க்கவா போகிறது?

அரங்கசாமி:

'வெளியே தருதல்' என்று பிரித்துப் பொருள் கொள்ளத் தடையில்லை. தனி மடலில் எழுதுகிறேன்.

முகிலன்:

சொல்லை விடுங்கள், விஷயத்துக்கு வாருங்கள். டிஸ்பிளேபோர்ட் 1.4 இல்லாத அட்டையில் 165 ஹெர்ட்ஸ் வராது. 'டிஸ்பிளேபோர்ட் 1.4 தேவை' என்று எழுதிவிட்டால் எதையும் மொழிபெயர்க்கவே வேண்டாம்.

இளங்கோ:

முகிலன், எந்தத் திரை என்று கேட்காமல் அப்படிச் சொல்ல முடியாது. 4கே திரையாக இருந்தால் 1.4-க்கு முந்தைய டிஸ்பிளேபோர்ட் போதாது என்பது சரி. கயல்விழி, உங்கள் கையேட்டுத் திரையின் பிக்ஸல் அளவு என்ன?

கயல்விழி:

2560×1440.

இளங்கோ:

அப்படியானால் 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970-ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் எச்டிஎம்ஐ 2.0, டிஸ்பிளேபோர்ட் 1.2 இரண்டும் இருக்கின்றன.

2560×1440 என்றால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 37 லட்சம் பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்கு 24 பிட், நொடிக்கு 165 சட்டம். பெருக்கினால் படத்துக்கு மட்டுமே நொடிக்கு 14.6 ஜிகாபிட். வரிகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் 16-க்குக் கொஞ்சம் மேலே போகும்.

எச்டிஎம்ஐ 2.0 என்றால் 18 என்று போட்டிருப்பார்கள். அதில் பத்து பிட்டுக்கு எட்டுதான் படத்தைச் சுமக்கிறது, ஆகவே உண்மையில் கிடைப்பது 14.4. இடைவெளியைக் கணக்கில் சேர்க்கும் முன்பே தோற்றுவிட்டது. டிஸ்பிளேபோர்ட் 1.2-இலும் அதே கழிவு உண்டு, 21.6 என்பது 17.28 ஆகும். 165 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கிவிடுகிறது. 1.4 தேவையில்லை.

ஒரு எல்லை உண்டு. மேலே 24 பிட் என்றது மூன்று நிறத்துக்கும் எட்டெட்டு பிட். நிறத்துக்கு 10 பிட் கேட்டால் படம் மட்டுமே 18-ஐத் தாண்டும். அப்போது 165 போய்விடும், வீதத்தை 120-க்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கையேட்டுக்கு என் கருத்து: கேட்க வேண்டியது பதிப்பு எண்ணை அல்ல, நொடிக்கு எவ்வளவு கடத்துகிறது என்பதை. 'கடத்துதிறன்' என்று எழுதுங்கள்.

செல்வி:

அது இயற்பியலில் ஏற்கெனவே வேறு பொருளில் குடியிருக்கிறது. செம்பின் கடத்துதிறன் என்போம். மாணவர்கள் குழம்பிப் போவார்கள்.

அரங்கசாமி:

கொள்ளளவு?

இளங்கோ:

அது தேங்கி நிற்பதற்கு, ஐயா. இது ஓடுவது. பட்டையகலம் என்றால் ஒத்துக்கொள்வேன்.

பாரி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடமும் 970-தான் இருக்கிறது. புதிதாக இதே மாதிரி 1440, 165 ஹெர்ட்ஸ் திரை வாங்கினேன். எச்டிஎம்ஐயில் பட்டியல் 144-ஓடு நின்றுவிட்டது. இந்த விவாதத்தைப் படித்துவிட்டு டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றினால் இன்னும் மோசம்:

```
$ xrandr
DP-0 connected primary 2560x1440+0+0
   2560x1440     59.95*+
```

அட்டையை மாற்றத்தான் வேண்டுமா? எந்த அட்டை வாங்கலாம்?

முகிலன்:

பார்த்தீர்களா, நான் சொன்னேன்.

இளங்கோ:

இன்னும் எதுவும் வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐயில் 144 கிடைத்தது கணக்குக்குப் பொருந்துகிறது. இடைவெளியோடு சேர்த்து 14.1 வரும், 14.4-க்குள் நூலிழையில் அடங்கும். டிஸ்பிளேபோர்ட்டில் 60 மட்டும் வருவதுதான் சந்தேகம். அட்டை 1.2 பேசும்போது திரை 1.1-இல் நிற்கிறது என்று நினைக்கிறேன். 1.1-இல் கிடைப்பது 8.64 மட்டுமே. திரைக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவுக்குப் போங்கள், கணினி அமைப்புகளுக்கு அல்ல. உள்ளீடு பகுதியில் டிஸ்பிளேபோர்ட் எண் இருக்கிறதா பாருங்கள்.

பாரி:

இருந்தது! 1.1 என்று இருந்தது, 1.2 ஆக்கினேன். திரை ஒரு முறை கறுத்துத் திரும்பி வந்தது. இப்போது பட்டியலில் 165 தெரிகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் அவ்வப்போது ஒரு நொடி கறுக்கிறது. 144-இல் வைத்தால் அப்படி இல்லை.

இளங்கோ:

அது பெரும்பாலும் கேபிள். இடையில் நீட்டிப்பு ஏதும் இருந்தால் கழற்றிவிட்டு, திரையோடு வந்த கேபிளை நேராக மாட்டிப் பாருங்கள். அப்புறமும் கறுத்தால் எழுதுங்கள்.

கயல்விழி:

பாரியின் மடல் எனக்கு வழி காட்டிவிட்டது. மெனுவில் அவர் பார்த்தது 1.1, 1.2 என்ற எண்கள். பட்டையகலம் எத்தனை என்று அட்டையிலும் போட்டிருக்காது, திரையிலும் போட்டிருக்காது. வாசகர் தேடிப் பார்க்கக்கூடியது எண்தான் என்றால் 'பதிப்பு' இருந்தாக வேண்டும். 'வெளியீடு' என்ற சொல்லை மட்டும் தூக்கிவிடுகிறேன். 'அட்டையின் திரை இணைப்புப் பதிப்பு' என்று வைக்கலாமா?

இளங்கோ:

எண் ஏமாற்றும் என்பதை மறந்துவிடாதீர்கள். எச்டிஎம்ஐ 2.1 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 2.1-க்குரிய முழு வேகம் கட்டாயமில்லை, அது விருப்ப அம்சம். எண்ணைப் பார்த்தவர் வேகத்தையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் சம்மதம்.

செல்வி:

சரி. எனக்கும் சம்மதம், தூக்கம் வருகிறது.

முகிலன்:

சம்மதம். 1.4 இருந்தால் தொல்லையே இல்லை என்பதையும் எங்காவது சொல்லுங்கள்.

அரங்கசாமி:

இணைப்பு என்றால் கம்பியா, வாயிலா, இரண்டும் சேர்ந்ததா என்று தெரியவில்லை. பாரிக்குக் கோளாறு கம்பியில் இருக்கலாம் என்கிறீர்கள், பதிப்பு எண்ணோ வாயிலுக்கு. ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் கட்டிவிட்டீர்கள். 'திரைவாயில் பதிப்பு' என்றால் இந்தக் குழப்பம் வராது. புதுக்குவீதத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கயல்விழி:

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திரைவாயில் என்றால் சன்னலா என்று யாராவது எழுதிக் கேட்பார்கள். கோப்பை அனுப்பிவிட்டேன். அடுத்த கையேட்டில் பார்ப்போம்.

பாரி:

நீட்டிப்பைக் கழற்றினேன். ஒரு மணி நேரமாக 165-இல் கறுக்கவில்லை. 10 பிட்டைத் தேர்ந்தெடுக்கப் போனால் பட்டியலில் 165 காணாமல் போகிறது, அது பரவாயில்லைதானே?