மூன்று மாதம், மூன்று கணக்கு, ஒரே நாளில் வட்டி

ஓசூர்க்காரர்

2024 மே மாதம், 60 முடிந்து ஓய்வு பெற்றேன். தனியார் கம்பெனி. பென்ஷன் என்று சொல்லிக்கொள்ள பி.எஃப். வழியாக வரும் 3,100 ரூபாய்தான். கைக்கு வந்த பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வட்டி 8.2 சதவீதம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் தருவார்கள். முப்பத்தைந்து வருஷம் மாதச் சம்பளம் வாங்கியவனுக்கு அது உறுத்தியது.

அதனால் பெரிய புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்து ஜூனில் 10 லட்சம், ஜூலையில் 10, ஆகஸ்டில் 10 என்று மூன்று கணக்கு தொடங்கினேன். ஒன்று வட்டி தரும் மாதத்தில் மற்ற இரண்டும் சும்மா இருக்கும், ஆக மாதாமாதம் 20,500 வந்துவிடும் என்று கணக்கு. வீட்டுக் காலண்டரில் வட்டம் வேறு போட்டு வைத்தேன்.

அக்டோபர் ஒன்றாம் தேதி மூன்று கணக்குக்கும் சேர்த்து வட்டி வந்தது. நவம்பரில் ஒன்றும் இல்லை. டிசம்பரிலும் இல்லை. ஜனவரி முதல் வேலை நாளில் 61,500 மொத்தமாக விழுந்தது. காலண்டரைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

இப்போது இரண்டாவது அடி. 2025 ஏப்ரலில் 61,500 முழுசாக வந்தது. ஜூலையில் 49,200தான் வந்திருக்கிறது. 12,300 பிடித்தம், அதாவது 20 சதவீதம். என் பான் எண் வங்கியில் சரியாகப் பதிவாகவில்லையோ என்று பயமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

சேலத்து மாமா

தம்பி, இதற்கு இவ்வளவு கவலையா? 15எச் படிவம் கொடுத்தால் வரியே கிடையாது. நான் வருஷா வருஷம் கொடுக்கிறேன், ஒரு பைசா பிடித்ததில்லை. அப்புறம் பாதிப் பணத்தை மனைவி பேரில் போட்டிருக்க வேண்டும். வரி பாதியாகும்.

கவுன்டர் நம்பர் 4

நான் வங்கியில் டெபாசிட் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். ஓசூர் சார் செய்ததை என்னிடமே எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் நீங்கள் எந்த மாதம் போட்டாலும் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில்தான். முதல் முறை, போட்ட நாளிலிருந்து அந்தக் காலாண்டு முடியும்வரை உள்ள நாட்களுக்கு மட்டும் தருவார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கணக்கும் ஒரே தேதிக்கு வந்துவிடும். ஆகவே மாதம் மாற்றிப் போடுவதால் பலன் இல்லை. எளிய வழி, 61,500 விழும் சேமிப்புக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக் கணக்குக்கு மாதம் 20,500 தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுப்பதுதான். தேதியை 5 என்று வையுங்கள். முதல் வேலை நாள் ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் பணம் இருக்கும்.

உங்கள் 20 சதவீதக் கதைக்கு வருகிறேன். அது 20 இல்லை. வட்டியிலேயே வரி பிடிப்பதுதான் டிடிஎஸ். மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து அதன் வரம்பு வருஷத்துக்கு ஒரு லட்சம். முன்பு 50,000 இருந்தது. உங்களுக்கு ஏப்ரலில் வந்த 61,500 வரம்புக்குள் இருந்தது. ஜூலையில் சேர்ந்து 1,23,000 ஆனதும் வரம்பு தாண்டியது. தாண்டினால் மீதிக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும் 10 சதவீதம். 12,300 அதுதான். பான் இல்லாமல் போயிருந்தால் மொத்தத்துக்கும் 20 சதவீதம், அதாவது 24,600 போயிருக்கும். சந்தேகம் இருந்தால், உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் பாருங்கள். உங்கள் பேரில் 12,300 அங்கே ஏறினால் பான் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். காலாண்டுக் கணக்கை வங்கி அனுப்பிய பிறகுதான் ஏறும், உடனே தேடாதீர்கள்.

போன வருஷம் 15எச் கொடுத்தீர்களா?

ஓசூர்க்காரர்

கொடுத்தேன் சார், கணக்கு தொடங்கும்போதே. அது ஐந்து வருஷத்துக்கும் போதும் என்று நினைத்தேன்.

கவுன்டர் நம்பர் 4

அதுதான் விஷயம். 15எச் ஒரு நிதியாண்டுக்கு மட்டும். ஏப்ரல் பிறந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும், பணம் இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாக. இப்போது கொடுத்தாலும் அக்டோபர், ஜனவரியில் பிடிக்க மாட்டார்கள். போன 12,300 மட்டும் வங்கியிலிருந்து திரும்பாது. வருமான வரி ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் இந்த நிதியாண்டு முடிந்த பிறகு.

சேலத்து ஐயா சொன்னது பாதி சரி. 15எச் என்பது "எனக்கு வரி கட்ட வேண்டி வராது, அதனால் பிடிக்காதீர்கள்" என்ற உறுதிமொழி. வரி வரும் ஒருவர் அதைக் கொடுத்தால் பிடித்தம்தான் நிற்கும், வரி நிற்காது. மனைவி விஷயமும் அப்படித்தான். அவருடைய சொந்தப் பணம் என்றால் அவர் பேரில் தனியாக 30 லட்சம் போடலாம். உங்கள் பணத்தை அவருக்குக் கொடுத்துப் போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

சேலத்து மாமா

எங்கள் வீட்டில் பல வருஷமாக இப்படித்தான். யாரும் வந்து கேட்டதில்லை.

திருச்சி விருப்ப ஓய்வு

என் கதை கொஞ்சம் கோணலானது. எனக்கு 57 வயதிருக்கும்போது விருப்ப ஓய்வில் வந்தேன். ஓய்வுப் பணம் வந்து மூன்று மாதத்துக்குள் போட்டால் 55 வயது முதலே இந்தத் திட்டத்தில் சேரலாம் என்று தெரிந்து, கம்பெனியில் சான்று வாங்கி 20 லட்சம் போட்டேன். திட்டத்தின் பேரே மூத்த குடிமக்கள் என்பதால் நானும் மூத்த குடிமகள் ஆகிவிட்டேன் என்று நம்பி 15எச் எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் வாங்கியும் கொண்டார்கள். ஆனால் காலாண்டு வட்டி 41,000 வரவேண்டிய இடத்தில் பிடித்தம் போகத்தான் வந்தது. பிறந்த தேதி பார்த்து கம்ப்யூட்டர் ஏற்கவில்லையாம்.

வருமான வரிக்கு 60 ஆகும் வரை நான் சாதாரண ஆள்தான். எனக்கான படிவம் 15ஜி. டிடிஎஸ் வரம்பும் எனக்கு 50,000தான். எஃப்டி போடும்போது கிடைக்கும் அந்த அரை சதவீதம் கூடுதல் வட்டியும் இல்லை. 15ஜியில் இன்னொரு கொக்கி இருக்கிறது. வரி வராது என்றால் மட்டும் போதாது, மொத்த வட்டியே அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. புதிய வரி முறையில் 2025-26இல் அது 4 லட்சம். எனக்கு 1,64,000தான் என்பதால் தப்பித்தேன்.

கவுன்டர் நம்பர் 4

அம்மா சொன்னது அப்படியே சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 60 எந்த நிதியாண்டில் நிறைகிறதோ, அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகள்தான். மார்ச் 20 பிறந்த நாள் என்றாலும் அந்த ஏப்ரலிலேயே 15எச் கொடுக்கலாம்.

அம்மாவின் கணக்குப்பிள்ளை

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். அம்மாவுக்காக ஐந்து எஃப்டி போட்டு வருஷம் ஒன்று முதிரும்படி ஏணி மாதிரி வைத்தோம். வட்டி கூடிக்கொண்டே போகும் வகை. கையில் ஒன்றும் வரவில்லை, ஆனால் வருஷா வருஷம் டிடிஎஸ் மட்டும் காட்டுகிறது. முதிரும்போதுதானே வரி?

கவுன்டர் நம்பர் 4

இது வேறு பிரச்சினை. சேர்ந்துகொண்டே போகும் எஃப்டியில் வட்டி கைக்கு வராவிட்டாலும் வங்கி வருஷா வருஷம் கணக்கில் ஏற்றும், அதற்கே டிடிஎஸ். ரிட்டர்னிலும் வருஷா வருஷம் காட்டிவிடுவது நல்லது. கடைசி வருஷம் மொத்தமாகக் காட்டினால் ஐந்து வருஷ வட்டி ஒரே வருஷத்தில் குவியும், 26ஏஎஸ்ஸோடும் ஒத்துப்போகாது. மாதச் செலவுக்குத்தான் ஏணி என்றால் வட்டியை வெளியே தரும் எஃப்டியாகப் போட்டிருக்க வேண்டும்.

ஓசூர்க்காரர்

ஏணி என்றதும் கேட்கிறேன். என்னிடம் இன்னும் 15 லட்சம் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. வீட்டுச் செலவு மாதம் 32,000. திட்டத்தில் 20,500, பென்ஷன் 3,100. துண்டு விழுவது 8,400.

கவுன்டர் நம்பர் 4

உங்கள் வங்கியில் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் வீதம் ஐந்து எஃப்டி, ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை, மாத வட்டி வகையில் போடுங்கள். 3 லட்சத்துக்கு மாதம் 1,750 என்று கணக்குப் போடுவீர்கள், வருவது சுமார் 1,740. மூன்று மாத வட்டியை முன்கூட்டி மாதாமாதம் தருவதால் கொஞ்சம் கழித்துத் தருவார்கள், ஏமாற்று இல்லை. ஐந்துக்கும் சேர்த்து 8,700. உங்கள் துண்டு அடைபட்டது.

ஐந்தையும் ஒரே ஐந்து வருஷ எஃப்டியாகப் போடலாமே என்று தோன்றும். வட்டி 7லிருந்து 6க்கு இறங்கிய நேரத்தில் அது முதிர்ந்தால் உங்கள் மாத வருமானத்தில் 1,250 ஒரே நாளில் போகும். ஏணியில் அந்த வருஷம் முதிரும் 3 லட்சம் மட்டும் பாதிக்கும், மாதம் 250. முதிர்ந்ததை மறுபடி ஐந்து வருஷத்துக்குப் போட்டால் ஏணி தொடரும். ஏறும்போது ஆதாயமும் இதே மாதிரி மெதுவாகத்தான் வரும்.

வருஷ வருமானம் 2,46,000, 1,04,400, 37,200 என மொத்தம் 3,87,600. புதிய முறையில் வரியே இல்லை, 15எச் தாராளமாகக் கொடுக்கலாம். எஃப்டியை இரண்டு மூன்று வங்கியாகப் பிரியுங்கள். வரிக்காக இல்லை, டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்தான்.

அப்புறம் அந்த மூன்று கணக்கை நினைத்து வருத்தப்படாதீர்கள். இந்தத் திட்டத்தில் பாதிப் பணம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். இன்று ஆஸ்பத்திரிச் செலவுக்கு 8 லட்சம் தேவை என்றால், ஒரே கணக்காக இருந்தால் 30 லட்சத்துக்கும் ஒன்றரை சதவீதம், 45,000 போகும். உங்களுக்கு ஒரு கணக்கை மட்டும் மூடி 15,000 போகும். இரண்டு வருஷம் தாண்டினால் அது ஒரு சதவீதம்.

திருச்சி விருப்ப ஓய்வு

ஆனால் 2029இல் அவருடைய மூன்றும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று சேர்ந்துதானே முதிரும்? அந்த 30 லட்சத்துக்கு ஏணி இல்லையே.

கவுன்டர் நம்பர் 4

இல்லைதான். மூன்று வருஷம் நீட்டிக்கலாம், முதிரும் அன்றைக்கு என்ன வட்டியோ அது கிடைக்கும். ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீட்டிப்பா, வெளியே எடுத்து எஃப்டியா என்பதை அன்றைய வட்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2029இல் முதிரும் எஃப்டி ஒன்றை மட்டும் 2031க்குத் தள்ளினால் அந்த வருஷத்துச் சுமை கொஞ்சம் குறையும்.

சேலத்து மாமா

எங்கள் வங்கியில் என் தங்கைக்கு ஏப்ரலிலேயே 6,150 பிடித்துவிட்டார்கள். ஜூலை வரை காத்திருக்கவில்லை. அது எப்படி?

கவுன்டர் நம்பர் 4

வருஷ வட்டி மொத்தம் வரம்பைத் தாண்டும் என்று முன்கூட்டியே பார்த்துப் பிடித்திருப்பார்கள். அப்படியும் செய்வதுண்டு. அப்படியென்றால் தங்கையும் 15எச் கொடுக்கவில்லை ஐயா.

சேலத்து மாமா

நான்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

ஓசூர்க்காரர்

காலையில் 15எச் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தேன். எஃப்டி இரண்டு போட்டாயிற்று, மூன்று பாக்கி. காலண்டரில் ஏப்ரல் மாதப் பக்கம் இனிமேல்தான் வரும். அதனால் டிசம்பர் தாளின் பின்பக்கம் "15எச்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.