2003 மார்ச் 21, காலை 6.50: என் சூரிய ராசி மீனமா, மேஷமா?

மாலதி

நான் 2003ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதி காலை 6.50 மணிக்கு இலங்கையில் பிறந்தேன். வார இதழ்களில் மார்ச் 21 முதல் மேஷம் என்று அச்சிட்டிருப்பார்கள் என்பதால், மேலைநாட்டு முறைப்படி என் சூரிய ராசி மேஷம் என்று நம்பியே வளர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு தெரிந்தவர் ஒருவர் அந்த மேலைநாட்டு முறையில், அதாவது சாயன முறையில், கணித்துக் கொடுத்த ஜாதகத்திலும் சூரியன் மேஷம் 0 பாகை என்றே இருந்தது. ஆனால் சென்ற மாதம் தோழி ஒருத்தி தன் கைபேசிச் செயலியில் அதே தேதி, அதே நேரம், அதே ஊரை உள்ளிட்டபோது மீனம் 29 பாகை என்று வந்தது. விவரங்களில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ராசி மட்டும் மாறிவிட்டது. இத்தனை ஆண்டுகள் என்னுடையது என்று படித்த பலன்கள் அனைத்தும் வேறொருவருக்கு உரியவையா என்ற எண்ணம் என்னை உண்மையாகவே வருத்துகிறது. இப்படி இரண்டு ராசிகளின் எல்லையில் பிறந்தவர்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதைப் பகிர்ந்துகொண்டால் உதவியாக இருக்கும்.

இளங்கோவன்

சகோதரி, நீங்கள் குழம்பவே வேண்டியதில்லை. மார்ச் 21 என்பது பங்குனி மாதத்தின் முதல் வாரம், பங்குனி என்றாலே சூரியன் மீனத்தில்தான் இருப்பார். என் மகள் ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தவள். அவளுடைய பள்ளித் தோழிகள் அவளை மேஷம் என்பார்கள், ஆனால் நம் முறைப்படி அவள் ஜாதகத்தில் சூரியன் மீனத்தில் இருக்கிறார். ஆகவே செயலி சொன்னதுதான் சரி, நீங்கள் மீனம்.

சண்முகம்

இளங்கோவன் ஐயா சொல்வது நம் பஞ்சாங்க முறையான நிராயன முறைக்கு முற்றிலும் சரி. அந்த முறைப்படி மாலதியின் சூரியன் மீனத்தில் ஏறத்தாழ 6 பாகையில் இருக்கிறார், அது எல்லையிலிருந்து வெகு தூரம். ஆனால் அந்தச் செயலி காட்டியது 29 பாகை, அதாவது சாயனக் கணக்கு. இரண்டிலும் மீனம் என்று வந்தது தற்செயலே தவிர, ஒன்று மற்றொன்றுக்குச் சான்று ஆகாது. நிராயன முறையிலும் எல்லைகள் உண்டு, அவை வேறு நாட்களில் விழுகின்றன, அவ்வளவுதான். சித்திரை முதல் நாளன்று பிறந்தவர்களுக்கு இதே கேள்வி வரும் என்பதை முப்பது ஆண்டுகளாக ஜாதகம் கணித்துவரும் நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி மாலதியின் கணக்குக்கு வருகிறேன். சாயன மேஷம் தொடங்கும் கணமும் மார்ச் மாதச் சம இரவுபகல் கணமும் ஒன்றே. 2003இல் அது மார்ச் 21 அன்று கிரீன்விச் நேரப்படி அதிகாலை 1.00 மணிக்கு நிகழ்ந்தது. எனவே உங்கள் 6.50 மணி கிரீன்விச்சில் எத்தனை மணி என்பது தெரிந்துவிட்டால் விடை கிடைத்துவிடும். பிழை நுழைவதும் இந்த மாற்றத்தில்தான். இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது என்று இன்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் நீங்கள் பிறந்தபோது அது அப்படி இல்லை. 1996 மே 25 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி ஆறரை மணி ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து ஆறு மணி ஆக்கினார்கள், 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தார்கள். 2003இல் நடைமுறையில் இருந்தது ஆறு மணி. 6.50இலிருந்து ஆறு மணியைக் கழித்தால் கிரீன்விச் நேரம் 0.50, அதாவது சூரியன் மேஷத்தில் நுழைய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஐந்தரையைக் கழித்தால் 1.20, நுழைந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. உங்களுக்கு முதலில் ஜாதகம் எழுதியவர் ஐந்தரையைக் கழித்திருக்கிறார் என்பது என் ஊகம். அந்தத் தாளின் தலைப்பகுதியில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் நேர மண்டலம் என்ன என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தேவகி

சண்முகம் ஐயா எழுதியதைப் படித்தபோது என் அக்காள் மகனின் ஜாதகம் நினைவுக்கு வந்தது. அவன் 2000ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி இரவு 9.20 மணிக்கு நியூயார்க்கில் பிறந்தான். ஒரு ஜாதகத்தில் மிதுனம், மற்றொன்றில் கடகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், ஒன்றில் ஐந்து மணி வேறுபாடும் மற்றொன்றில் நான்கு மணி வேறுபாடும் போடப்பட்டிருப்பது தெரிந்தது. ஜூன் மாதத்தில் அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் என்பதால் நான்கு மணியே சரி. அந்த ஆண்டு சூரியன் கடகத்தில் நுழைந்தது கிரீன்விச் நேரப்படி ஜூன் 21 அதிகாலை 1.48 மணிக்கு, அவன் பிறந்தது 1.20 மணிக்கு, ஆக அவன் மிதுனம். அக்காளுக்கு இதை விளக்கிப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்வைக்கும் நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு, ஜாதகம் எழுதுபவர் அதைக் கழித்தாரா என்று பெற்றோரே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பாஸ்கரன்

எனக்கும் இதே சிக்கல் உண்டு. நான் விசாக நட்சத்திரம். வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்துக் கணித்தவர் மூன்றாம் பாதம், துலாம் ராசி என்றார். திருக்கணிதப்படி கணித்தவர் நான்காம் பாதம், விருச்சிகம் என்றார். திருமணப் பொருத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எந்த ராசியைச் சொல்வது என்று தடுமாறி நின்றிருக்கிறேன். எனக்கும் இந்த நேர மண்டலம்தான் காரணமாக இருக்குமா?

சண்முகம்

பாஸ்கரன், உங்களுடையது சந்திரனைப் பற்றிய கேள்வி, மாலதியுடையது சூரியனைப் பற்றியது. சூரியன் ஒரு பாகை நகர ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார், சந்திரன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பாகையைக் கடந்துவிடுகிறார். அதனால் சூரிய ராசியில் சிக்கல் வருவது ஆண்டில் பன்னிரண்டு நாட்களில் மட்டுமே, சந்திர ராசியிலோ இரண்டேகால் நாட்களுக்கு ஒரு முறை எல்லை வந்துவிடும். உங்களுக்கு வேறுபாடு வந்தது நேர மண்டலத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். வாக்கியமும் திருக்கணிதமும் சந்திரனை வெவ்வேறு இடத்தில் வைக்கின்றன, பாதம் முடியும் நேரம் இரண்டுக்கும் மணிக்கணக்கில் வேறுபடுவதும் உண்டு. உண்மையான வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம் என்பதால் நான் அதையே எடுக்கிறேன். குடும்ப வழக்கமாக வாக்கியத்தை வைத்திருப்பவர்களிடம் இதை வலியுறுத்துவதில்லை.

கவிதா

எனக்கு ஓர் அடிப்படையான ஐயம். பிறந்த இடம் முக்கியம் என்கிறார்களே, அப்படியென்றால் ஒரே கணத்தில் வெவ்வேறு நாடுகளில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்குச் சூரிய ராசி வேறாக இருக்குமா?

சண்முகம்

இருக்காது. சூரியன் ராசி மாறுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரின் கடிகாரமும் நாட்காட்டியும் என்ன காட்டின என்பதுதான் வேறு. மாலதி பிறந்த அதே நாளை எடுத்துக்கொண்டால், இலங்கையில் காலை 7.00 மணி ஆனபோது நியூயார்க்கில் மார்ச் 20 இரவு 8.00 மணி. அங்கே அன்றிரவு 8.30க்குப் பிறந்த குழந்தை, பிறப்புச் சான்றிதழில் 20ஆம் தேதி என்று இருந்தாலும் மேஷம்தான். 21ஆம் தேதி காலையில் பிறந்த மாலதியோ மீனம். இதழ்களில் வரும் தேதிப் பட்டியல் எல்லை நாட்களில் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம். அதோடு ராசி மாறும் நேரம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போய், லீப் ஆண்டில் பின்னுக்கு வருகிறது.

ஆக, சூரிய ராசிக்கு இடம் தேவைப்படுவது நேர மண்டலத்தை அறிய மட்டுமே. லக்னம் அப்படி அல்ல. அது தொடுவானத்தைப் பொறுத்தது, நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகரும், ஊரின் தீர்க்க ரேகையும் அட்ச ரேகையும் நேரடியாகக் கணக்கில் வரும்.

ரஃபீக்

எல்லாம் சரி, ஆனால் பத்து நிமிடத்தில் ஒருவருடைய இயல்பு மாறிவிடுமா? சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அதன் வட்டம் அரைப் பாகைக்குச் சற்று அதிகம், ஆகவே அது முழுவதுமாக எல்லையைக் கடக்கப் பதின்மூன்று மணி நேரம் ஆகும். மாலதி பிறந்த நேரத்தில் வட்டத்தில் பாதி மேஷத்தில் இருந்திருக்கும். எனக்கும் இதே போன்ற எல்லை நாளில்தான் பிறந்தநாள் வருகிறது, இரண்டு ராசிகளின் குணமும் என்னிடம் இருப்பதாகவே உணர்கிறேன்.

சண்முகம்

வட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கணிதத்தில் எடுத்துக்கொள்வது வட்டத்தின் மையத்தை, அது ஒரு கணத்தில் ஒரு ராசியில்தான் இருக்க முடியும். குணம் கலந்திருக்கிறது என்று நீங்கள் உணர்வதை நான் மறுக்கவில்லை. எல்லையில் பிறந்தவர்களுக்குப் புதன் அல்லது சுக்கிரன் பக்கத்து ராசியில் இருப்பது மிகவும் சாதாரணம், அந்தக் கலப்புக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ரஃபீக்

என் ஜாதகத்தில் புதன், சுக்கிரன் இரண்டும் சூரியனோடு அதே ராசியில்தான் இருக்கின்றன, ஐயா. அப்படியும் கலப்பை உணர்கிறேன்.

மாலதி

பழைய ஜாதகத்தைத் தேடி எடுத்தேன். ஐயா சொன்னபடியே தலைப்பகுதியில் சிறிய எழுத்தில் +5.30 என்று இருக்கிறது. சூரியன் மேஷம் 0 பாகை 0 கலை 50 விகலை. செயலியில் விகலை வரை பார்த்தபோது மீனம் 29 பாகை 59 கலை 35 விகலை. இரண்டுக்கும் இடையே உள்ளது வெறும் 75 விகலை, அந்த அரை மணி நேரத்தில் சூரியன் நகர்ந்த தூரம். ஆனால் எனக்கு ஒரு கவலை மிஞ்சுகிறது. 6.50 என்பது முழுமையாக்கிய எண் போலத் தெரிகிறது. பத்து நிமிடம்தான் இடைவெளி என்றால், எழுதியவர் தவறியிருந்தால் என்ன செய்வது?

சண்முகம்

அந்தக் கவலை நியாயமானது, ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பாருங்கள். குழந்தை பிறந்ததும் முதல் கவனம் தாய் மீதும் சேய் மீதும்தான் இருக்கும், கடிகாரத்தைப் பார்ப்பது அதன் பிறகு. பிறந்த நேரம் உண்மையைவிடத் தாமதமாக எழுதப்படுவதே வழக்கம். நீங்கள் உண்மையில் 6.45க்குப் பிறந்திருந்தால் எல்லையிலிருந்து இன்னும் விலகி மீனத்துக்குள் போகிறீர்கள். மேஷம் ஆக வேண்டுமென்றால் பிறந்தது 7.00 மணிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், பிறக்கும் முன்பே யாரும் நேரத்தை எழுதியிருக்க மாட்டார்கள். கடிகாரமே பத்து நிமிடம் பின்தங்கி ஓடியிருந்தால் ஒழிய மீனம் உறுதி. அந்தக் கடிகாரத்தைப் பற்றி இப்போது நாம் அறிய வழியில்லை.

மாலதி

அம்மாவிடம் கேட்டேன். தாதி என்னைத் துடைத்துத் துணியில் சுற்றிக் காட்டிய பிறகுதான் நேரத்தைச் சொன்னார் என்று நினைவுகூர்ந்தார். நான் மீனம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. அதே கணிப்பாளர் எழுதிய என் அண்ணனின் ஜாதகத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவன் பிறந்தது 1996 ஜூலை 10, ஆறரை மணி நடப்பில் இருந்த மாதங்களில். தாளில் இருப்பது அதே +5.30. சூரியன் கடகத்தின் நடுவில் இருப்பதால் ராசிக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் லக்னம் கன்னி 9 பாகை என்று எழுதியிருக்கிறது. ஐந்தரைக்குப் பதில் ஆறரையைக் கழித்து, கிரீன்விச் நேரத்தை ஒரு மணி நேரம் குறைத்தால் ஏறத்தாழ 15 பாகை குறைந்து சிம்மத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது. அவன் பிறந்த குறிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் இங்கே பதிவிடுகிறேன்.