புதுப்பிப்பு: 2.55319-இல் எத்தனை இலக்கம் நம்பலாம்?

"12 வோல்ட், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், தங்கப் பட்டை. கால்குலேட்டர் 2.55319 மில்லி ஆம்பியர் என்கிறது. விடையில் எத்தனை இலக்கம் எழுதுவது?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

கும்பகோணத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன், "மீட்டர் 12.00 காட்டுதுல்ல, நாலு இலக்கம் எழுது" என்றார். மீட்டர் நாலு இலக்கம் காட்டுவது உண்மைதான், ஆனால் ரெசிஸ்டர் அவ்வளவு துல்லியம் இல்லையே. தஞ்சாவூர் பாலிடெக்னிக் லேப் அக்கா அதைத்தான் பிடித்தார்: தங்கப் பட்டை என்றால் 5 சதவீதம், அதாவது 4.465 முதல் 4.935 வரை எதுவாகவும் இருக்கலாம், அப்போது மின்னோட்டம் 2.43 முதல் 2.69 வரை போகும். இரண்டாவது இலக்கமே ஆடுகிறது, அதனால் 2.6 போதும்.

அப்புறம் ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தேன்: 4.68. என் மீட்டரின் கையேட்டில் ஓம் அளவுக்கு 0.8 சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டு எண்ணிக்கையும் சேர்ந்து பிழை வரலாம் என்று இருக்கிறது, ஆக ±0.06. வோல்ட்டேஜ் பிழையையும் சேர்த்தால் விடை 2.56, கூடக் குறைய 0.05. இப்போது மூன்றாவது இலக்கத்துக்கும் கொஞ்சம் அர்த்தம் உண்டு, நான்காவதுக்கு இல்லை.

அளக்காத நிலையில் 2.6 என்று முடிப்பதா, 2.55 ± 0.13 என்று எழுதுவதா என்பதில் அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.