எழுதுபொருள் செலவில் மீந்தது: கணக்குக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அமுதா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் ஆண்டு முடிவுச் சரிக்கட்டுப் பதிவுகள் பகுதிக்கு வந்திருக்கிறோம். அங்கே ஒரு பெயரில் சிக்கிக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு ஸ்டேஷனரியை மொத்தமாக வாங்கும்போது பில் தொகை முழுவதும் எழுதுபொருள் செலவில் ஏறிவிடுகிறது. ஆண்டு முடிவில் அலமாரியில் மீந்திருப்பதன் மதிப்பைச் செலவிலிருந்து எடுத்து நடப்புச் சொத்தில் வைக்க வேண்டும். அந்தச் சொத்துக் கணக்குக்கு ஒரு பெயர் வேண்டும். அப்படி எடுத்து வைக்கிற செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும், ஏனென்றால் திரையில் அதற்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. இப்போதைக்குக் கணக்கை "பயன்படாத எழுதுபொருள்" என்று போட்டிருக்கிறேன். பொத்தானை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

செல்வம் எழுதியது:

அமுதா, இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். "முன்கூட்டிச் செலுத்திய செலவு" என்பது பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. காப்பீட்டுத் தவணையை ஆண்டின் நடுவில் கட்டினால் அடுத்த ஆண்டுக்குரிய மாதங்களின் பங்கைப் பிரித்து நடப்புச் சொத்தில் காட்டுகிறோம். ஸ்டேஷனரியும் அப்படித்தான். பணம் இந்த ஆண்டு போய்விட்டது, பயன் அடுத்த ஆண்டு வரப்போகிறது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் எதற்கு?

நாச்சியார் எழுதியது:

செல்வம் சொல்வதில் பாதி சரி. இரண்டும் நடப்புச் சொத்தில்தான் போய் நிற்கும். சிறிய நிறுவனங்கள் பல இரண்டையும் ஒரே வரியில் காட்டவும் செய்கின்றன, அது பெரிய குற்றமில்லை. ஆனால் தொகையைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. அந்த வேறுபாடு பெயரில் தெரியாவிட்டால் கணக்கு எழுதுகிறவர் தவறான வழியில் போவார்.

ஓர் அலுவலகம் ஆண்டின் முதல் நாளன்று 1,20,000க்கு எழுதுபொருள் வாங்குகிறது என்று வையுங்கள். காகிதக் கட்டு, உறை, கோப்பு, அச்சிட்ட லெட்டர்ஹெட் எல்லாம் சேர்த்து. வாங்கும்போது இரண்டு ஆண்டுக்கு வரும் என்று நினைத்தார்கள். காப்பீட்டைப் போல மாதக் கணக்கில் பிரித்தால் ஆண்டு முடிவில் பாதி, அதாவது 60,000 சொத்தாகிவிடும். ஆனால் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் 38,000க்குத்தான் சரக்கு இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செலவழிந்திருக்கிறது. காப்பீடு நாள் போகப் போகத் தானாகத் தீரும், காலண்டரைப் பார்த்தால் போதும். காகிதம் எடுத்துப் பயன்படுத்தினால்தான் தீரும், ஆகவே எண்ணித்தான் ஆக வேண்டும். "முன்கூட்டிச் செலுத்திய" என்று பெயர் வைத்தால், எண்ணாமலே மாதத்தால் வகுத்துப் போடுகிற பழக்கம் வந்துவிடும். தணிக்கைக்குப் போன இடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமுதா வைத்த "பயன்படாத எழுதுபொருள்" எனக்கு வேறு காரணத்தால் உறுத்துகிறது. பயன்படாதது என்றால் இன்னும் பயன்படுத்தாதது என்றும் படிக்கலாம், எதற்கும் உதவாதது என்றும் படிக்கலாம். மேலே சொன்ன 38,000இல் பழைய முகவரி அச்சிட்ட லெட்டர்ஹெட் 6,000க்கு இருக்கிறது, அலுவலகமோ நடுவில் இடம் மாறிவிட்டது என்று வையுங்கள். அந்த லெட்டர்ஹெட் எண்ணிக்கைத் தாளில் வரும், சொத்தில் வரக்கூடாது. இனி அதனால் எந்தப் பயனும் இல்லை. அது இந்த ஆண்டின் செலவாகவே கிடக்க வேண்டும். ஆக சொத்தாக மாறுவது 32,000 மட்டும். பதிவு இப்படி:

எழுதுபொருள் இருப்புக் கணக்கு, பற்று 32,000
எழுதுபொருள் செலவுக் கணக்கு, வரவு 32,000

இலாபநட்டக் கணக்கில் நிற்கும் செலவு 88,000. "பயன்படாத" என்ற தலைப்பைப் பார்த்த குமாஸ்தா, பழைய லெட்டர்ஹெட்டைத்தான் முதலில் அதில் சேர்ப்பார்!

யோகன் எழுதியது:

எங்கள் பக்கம் ஸ்டேஷனரியைக் காகிதாதிகள் என்போம். நடப்புச் சொத்தை நடைமுறைச் சொத்து என்றும் இருப்புநிலைக் குறிப்பை ஐந்தொகை என்றும் எழுதுவோம். "காகிதாதி இருப்பு" என்றால் சுருக்கமாக இருக்கும், திரையிலும் அடங்கும். உங்கள் வாசகர்களுக்குப் பழக்கமில்லை என்றால் வற்புறுத்தவில்லை. இரண்டு வழக்குக்கும் தனித்தனிப் பெயர்க்கோப்பு வைக்க முடிந்தால் நல்லது.

ரஃபீக் எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆண்டு முடிவில் மீந்த சரக்குக்கு ஏற்கெனவே "இறுதிச் சரக்கிருப்பு" இருக்கிறதே? அதிலேயே சேர்த்துவிட்டால் தனிக் கணக்கும் வேண்டாம், தனிப் பெயரும் வேண்டாம். நான் கணக்கு எழுதும் கடையில் அப்படித்தான் செய்து வருகிறேன். நிகர இலாபம் சரியாகவே வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களிடம் ரசீதுப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஸ்டோர் அறையில் கட்டுக் கட்டாகக் கொஞ்சம், ஒவ்வொருவர் மேசை இழுப்பறையிலும் பாதி கிழித்தது கொஞ்சம். எதுவரை எண்ணுவது? போன முறை இழுப்பறையெல்லாம் திறந்து எண்ணினோம். ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது, மேலாளர் திட்டினார்.

நாச்சியார் எழுதியது:

ரஃபீக், நிகர இலாபம் சரியாக வருவதால்தான் அந்தத் தவறு கண்ணில் படவில்லை. இறுதிச் சரக்கிருப்பு என்பது விற்பதற்காக வாங்கி விற்காமல் இருக்கும் சரக்கு. அது வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கம் போகும். அங்கே 32,000 எழுதுபொருளைச் சேர்த்தால் மொத்த இலாபம் 32,000 கூடுகிறது. கீழே இலாபநட்டக் கணக்கில் எழுதுபொருள் செலவு 88,000க்குப் பதில் 1,20,000 என்றே நிற்கிறது. மேலே கூடியது கீழே கழிந்து நிகரம் ஒத்துவிடுகிறது. ஆனால் இரண்டு இடைத்தொகைகளும் பொய். விற்பனையில் எத்தனை விழுக்காடு மொத்த இலாபம் என்று பார்த்து விலை வைக்கிற கடை அது என்றால், அந்த விழுக்காடு காகிதக் கட்டால் ஊதிப்போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு விழுக்காட்டை வரிசையாக வைத்துப் பாருங்கள். மொத்தமாக ஸ்டேஷனரி வாங்கிய ஆண்டில் மட்டும் காரணமில்லாமல் ஏறி, அடுத்த ஆண்டு இறங்கியிருந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இழுப்பறை விஷயத்தில் உங்கள் மேலாளர் பக்கம்தான் நான். ஸ்டோரிலிருந்து வெளியே கொடுத்துவிட்டால் செலவழிந்ததாகவே கொள்ளுங்கள். ஸ்டோரில் பிரிக்காத கட்டுகளை மட்டும் எண்ணுங்கள். விதி எதுவானாலும் ஆண்டுக்கு ஆண்டு அதே விதியாக இருக்க வேண்டும். மதிப்புப் போடுவது வாங்கிய விலைக்கு, அதுவும் மொத்தக் கொள்முதலுக்குத் தந்த தள்ளுபடி போக. இன்றைக்குக் கடையில் என்ன விலை என்று கேட்டுப் போடாதீர்கள். ஸ்டோரில் மீந்ததே சொற்பம் என்றால் எண்ணவே வேண்டாம், முழுவதும் செலவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எது சொற்பம் என்பது அந்த அந்த நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது, நான் ஒரு தொகை சொல்லமாட்டேன்.

அமுதா, மென்பொருள் என்பதால் அடுத்த ஆண்டையும் யோசியுங்கள். அங்கேதான் அதிகம் சறுக்குகிறது. அதே அலுவலகம் இரண்டாம் ஆண்டில் 45,000க்கு வாங்குகிறது, முடிவில் 20,000க்கு மீதி. உண்மையில் செலவழிந்தது 32,000 + 45,000 − 20,000, அதாவது 57,000. ஆனால் போன ஆண்டு செய்ததைப் பார்த்து 20,000க்கு அதே பதிவை இன்னொரு முறை போட்டால் செலவு 25,000 என்று குறைந்துவிடும், இருப்புக் கணக்கில் 52,000 நிற்கும். அலமாரியில் இருப்பதோ 20,000. வித்தியாசம் 32,000, போன ஆண்டின் தொகை அப்படியே. அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. புது ஆண்டின் முதல் நாளே 32,000ஐத் திருப்பிச் செலவில் போட்டுவிடலாம். இல்லையென்றால் ஆண்டு முடிவில் இருப்பு 32,000இலிருந்து 20,000க்கு இறங்கிய 12,000ஐ மட்டும் செலவில் பற்று வைக்கலாம். எப்படிச் செய்தாலும் 57,000தான் வரும். எனக்கு முதல் வழி பிடிக்கும், மறந்துபோக இடமில்லை.

செல்வம் எழுதியது:

60,000க்கும் 32,000க்கும் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு என் பெயரை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் ஒரே வரியில் காட்டலாம் என்ற கட்சியில் இன்னமும் இருக்கிறேன்.

"கையிருப்பு" சேர்த்தால் என்ன? "எழுதுபொருள் கையிருப்பு" என்றால் கையில் இருப்பதை எண்ணு என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது.

ரஃபீக் எழுதியது:

கையிருப்பு என்றால் எங்கள் கடையில் பணப்பெட்டியில் இருக்கும் ரொக்கம்தான். ஆனால் முன்னால் எழுதுபொருள் இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு இறுதிச் சரக்கிலிருந்து அதைப் பிரித்து எழுதப் போகிறேன். போன ஆண்டுக் கணக்கையும் தொட வேண்டுமா, நாச்சியார் அம்மா?

நாச்சியார் எழுதியது:

போன ஆண்டு நிகர இலாபம் மாறவில்லை. ஆனால் இந்த ஆண்டின் தொடக்கச் சரக்கில் அந்தக் காகிதம் ஒளிந்திருக்கிறது. அதைத் தொடக்கச் சரக்கிலிருந்து எடுத்து எழுதுபொருள் செலவில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த ஆண்டு மொத்த இலாபம் அந்த அளவுக்குக் குறையும். ஒப்பீட்டுக்குப் போன ஆண்டுத் தொகையையும் பக்கத்தில் காட்டுவீர்கள் என்றால் அங்கேயும் பிரித்துக் காட்டுங்கள்.

அமுதா எழுதியது:

நன்றி. கணக்கின் பெயர் "எழுதுபொருள் கையிருப்பு". யோகன் கேட்டபடி மாற்றுப் பெயர்க்கோப்பில் "காகிதாதிக் கையிருப்பு". எண்ணிக்கைத் திரையில் "கழிவு" என்று தனிப் பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், பழைய லெட்டர்ஹெட் அங்கே போகட்டும்.

பொத்தான்தான் இன்னும் காலி. "செலவு மீட்பு" என்று ஒரு நண்பர் சொன்னார். விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்ததுபோல ஒலிக்கிறது. "மூலதனமாக்கல்" கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் உரியது, நிலைச் சொத்தில் போய் உட்கார்ந்துவிடும். "இருப்பேற்றம்" என்று ஒன்று தோன்றுகிறது. அடுத்த ஆண்டு முதல் நாள் திருப்பிப் போடுவதை "இருப்பிறக்கம்" என்று இணையாக வைக்கலாம்.

யோகன் எழுதியது:

இருப்பேற்றம் என்றதும் லாரியில் சரக்கு ஏற்றுவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "இருப்பாக்கம்"?

நாச்சியார் எழுதியது:

இருப்பாக்கம் என்றால் இல்லாததை உண்டாக்குவதுபோல இருக்கிறது, தணிக்கையாளர் காதில் அது நன்றாக விழாது. பெயர் கிடைக்கும்வரை "மீதியைச் சொத்துக்கு மாற்று" என்று பொத்தானில் வாக்கியமாகவே போடுங்கள், அமுதா. நீளம்தான், ஆனால் அழுத்துகிறவருக்கு என்ன நடக்கும் என்று தெரியும்.