குப்பை பிரிப்புக் காணொளிக்கு வசனம்: உங்கள் யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக இரண்டு நிமிடக் காணொளி ஒன்றுக்கு வசனம் எழுதி வருகிறேன். ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர் குப்பைக்கு நீலம், பேட்டரி, காலாவதியான மருந்து போன்றவற்றுக்குச் சிவப்பு என்று தொட்டிகளைத் திரையில் காட்டுகிறோம். சிவப்பும் பச்சையும் சிலருக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால், ஒவ்வொரு தொட்டியிலும் படமும் பெயரும் சேர்த்திருக்கிறோம்.

முதல் காட்சியில், பால் பாக்கெட்டின் முனையை முழுவதுமாகத் துண்டிக்காமல் கீறித் திறந்து, காலியானதும் அலசிக் காயவைத்து நீலத் தொட்டியில் போடுகிறார்கள். அடுத்ததில், சாம்பார் மிச்சமிருக்கும் பார்சல் டப்பா அப்படியே நீலத் தொட்டிக்குள் போவதால், அதிலிருந்த செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் நனைந்து பழைய பேப்பர் கடைக்கு உதவாமல் போகின்றன. இந்தக் காட்சிதான் முக்கியமானது என்று கருதுகிறேன்.

சானிட்டரி நாப்கின், டயப்பர் ஆகியவற்றைத் தாளில் சுற்றி, அடையாளமிட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களும் சங்கடமின்றிப் பார்க்கும்படி எப்படிக் காட்டலாம்? முடிவில், “நாளைக் காலை தொட்டியை வெளியே வைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்களேன்” என்ற வரி போதுமா, அல்லது இதைவிடக் கனிவாகச் சொல்ல முடியுமா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.