டிசம்பர் சம்பளத்துல 582 ரூபா கம்மி, சங்க சந்தாவும் நல நிதியும்தான் காரணமா?

ஓசூர்_ஷிப்ட்:
நவம்பர்ல கைக்கு 17,367 வந்துச்சு, டிசம்பர்ல 16,785தான். சீட்டுல சங்க சந்தா 50, தொழிலாளர் நல நிதி 20ன்னு போட்டிருக்கு. இந்த ரெண்டும் சேந்து இவ்ளோ தின்னுடுமா? நிறுத்த வழி இருக்கா?

கதிர்86:
நிறுத்துங்க தம்பி. நம்ம கையெழுத்து இல்லாம சம்பளத்துல ஒத்த ரூபா கூட புடிக்கக் கூடாது, அது சந்தாவா இருந்தாலும் சரி நல நிதியா இருந்தாலும் சரி. எங்க கம்பெனிலயும் இதே கதைதான், கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டேங்குறாங்க.

பழைய_ஃபிட்டர்:
கதிர் சொல்றது பாதி சரி. சந்தா புடிக்க நீங்க எழுதிக் குடுத்திருக்கணும், சம்பள சட்டம் அப்படித்தான் சொல்லுது. நல நிதிக்கு கையெழுத்து கேக்கவே மாட்டாங்க, அது 1972 தமிழ்நாடு சட்டப்படி புடிக்கிறது. உங்ககிட்ட 20, கம்பெனி 40, அரசு 20, அதுவும் மாசாமாசம் இல்ல வருஷத்துக்கு ஒரு தடவதான், அதான் டிசம்பர் சீட்டுல மட்டும் தலை காட்டுது. ஆனா 70 ரூபால 582 எப்படி கொறையும்? தம்பி ரெண்டு மாச சீட்டையும் வரி வரியா போடுங்க, டிசம்பர்ல லீவு எதுவும் எடுத்தீங்களா?

ஓசூர்_ஷிப்ட்:
நவம்பர்: மொத்தம் 19,000 (பேசிக்கும் டிஏவும் 12,000), பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 143, சந்தா 50. டிசம்பர்: மொத்தம் 18,387, பிஎஃப் 1,394, ஈஎஸ்ஐ 138, சந்தா 50, நல நிதி 20. ஆமாண்ணே மச்சான் கல்யாணத்துக்கு ஒரு நாள் போனேன், லீவு பாக்கி இருக்குன்னு நெனச்சேன்.

பழைய_ஃபிட்டர்:
அங்கதான் இருக்கு. 19,000த்த 31ஆல வகுத்தா 613, அந்த ஒரு நாள் லாஸ் ஆஃப் பேல போயிடுச்சு. மொத்தம் கொறஞ்சதால பிஎஃப் 46 ரூபாயும் ஈஎஸ்ஐ 5 ரூபாயும் கம்மியா புடிச்சிருக்காங்க, அதனால கைல 562தான் கொறஞ்சுது. மீதி 20தான் நல நிதி. சந்தா ரெண்டு மாசமும் அதே 50, அதால வித்தியாசமே இல்ல. அந்த 46 மிச்சம்னு நெனக்காதீங்க, அது உங்க பிஎஃப் கணக்குக்கு போக வேண்டிய காசு, கம்பெனி பங்கும் அதே மாதிரி கொறஞ்சிருக்கும். சந்தாவும் நல நிதியும் மொத்த சம்பளத்த தொடாது, பிஎஃப் ஈஎஸ்ஐ எல்லாம் கணக்கு போட்டப்புறம் கைக்கு வர்றதுல மட்டும் கழியும். சந்தா வருஷத்துக்கு 600, நல நிதியோட 620, மாசத்துக்கு பிரிச்சா 52 ரூபா கூட ஆகல.

தேன்மொழி_திருப்பூர்:
அண்ணே எனக்கு நல நிதின்னு 60 ரூபா புடிச்சிருக்காங்க, நான் காண்ட்ராக்ட்ல இருக்கேன், கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க. எங்க பொண்ணு பாலிடெக்னிக் படிக்குது, இதுல ஏதாவது கெடைக்குமா?

பழைய_ஃபிட்டர்:
அம்மா, அது தப்பு. உங்க 20 கூட அவங்க 40யும் உங்க தலைல கட்டிட்டாங்க, முதலாளி பங்க தொழிலாளிகிட்ட புடிக்கக் கூடாது. சீட்ட பத்திரமா வச்சுக்கிட்டு மொதல்ல எழுத்துல கேளுங்க, திருப்பித் தரலன்னா தொழிலாளர் துறைல மனு குடுங்க. பொண்ணு படிப்புக்கு நல வாரியத்துல உதவித்தொகை உண்டு, ஆனா சம்பள வரம்பும் கடைசி தேதியும் இருக்கு, அந்த வருஷ அறிவிப்ப பாத்துட்டு போடுங்க. காசு கட்டுறோம்ல தானா வரும்னு நிறைய பேரு இருந்துடுறாங்க, மனு போடாம எதுவும் வராது.

கதிர்86:
நல நிதி விஷயம் ஒத்துக்கறேன், எனக்கு தெரியல. ஆனா சந்தா 50தானேன்னு சொல்லி முடிக்காதீங்க அண்ணே. எங்க சங்கத்துல சம்பள ஒப்பந்தம் முடிஞ்சு அரியர் வந்தப்ப ஆளுக்கு 2,000 நன்கொடைன்னு புடிச்சாங்க, யாரும் கேக்கல, யாரும் கையெழுத்தும் போடல. 50 ரூபாக்கு குடுத்த ஃபார்ம வச்சு 2,000 புடிக்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பழைய_ஃபிட்டர்:
அது தப்புதான் கதிர், அந்த ஃபார்ம்ல என்ன தொகை எழுதியிருந்துச்சோ அது வரைக்கும்தான் சம்மதம். ஆனா அந்த ஒப்பந்தத்துல மாசம் எவ்ளோ ஏறுச்சுன்னும் சொல்லுங்க.

கதிர்86:
2,600 ஏறுச்சு. அதுக்காக கேக்காம எடுக்கலாமா? சந்தா கட்டாதவனுக்கும் அதே 2,600 ஏறுச்சே, அவன்கிட்ட ஒண்ணும் புடிக்கல.

பழைய_ஃபிட்டர்:
எடுக்கக் கூடாது. அதே சமயம் கட்டாதவன் எண்ணிக்கை கூடினா அடுத்த ஒப்பந்தத்துல பேச போறவங்களுக்கு பலம் எங்கருந்து வரும்னு நான் கேப்பேன், இதுல நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம்.

ஓசூர்_ஷிப்ட்:
நன்றிண்ணே. சந்தா நிறுத்தறத இப்போதைக்கு விட்டுட்டேன். நாளைக்கு ஹெச்ஆர்ல என் ஃபார்ம கேட்டு, என்ன தொகை எழுதியிருக்கேன்னு பாத்துட்டு போடறேன். லீவு பாக்கியும் கேக்கணும், என் கணக்குப்படி 2 நாள் இருந்துச்சு.